விலை 103.20, கட்டியது 105.19: பாண்டு கேள்வி பதில்

ஓய்வு பெற்ற ஆசிரியர்: 7.18% 2033 அரசு பத்திரம் ஒரு லட்சத்துக்கு வாங்கினேன். திரையில் விலை 103.20. கணக்கிலோ 1,05,194.44 போய்விட்டது. 1,994 ரூபாய் கமிஷனா?

கமிஷன் இல்லை ஐயா, வட்டி. உங்களுக்கு விற்றவருக்குச் சேர வேண்டிய வட்டி.

இந்தப் பத்திரம் பிப்ரவரி 14, ஆகஸ்ட் 14 என வருஷத்துக்கு இரண்டு முறை வட்டி தரும். ஒரு லட்சத்துக்கு ஒவ்வொரு முறையும் 3,590 ரூபாய். உங்கள் பரிவர்த்தனை 2025 நவம்பர் 24 அன்று செட்டில் ஆகியிருக்கிறது, அதாவது பணமும் பத்திரமும் அன்றுதான் கைமாறின. ஆகஸ்ட் 14 முதல் அன்றுவரை பத்திரத்தை வைத்திருந்தவர் அவர், ஆனால் பிப்ரவரியில் முழு 3,590 ரூபாயும் உங்கள் கணக்குக்குத்தான் வரும், ரிசர்வ் வங்கி அதைப் பிரித்துக் கொடுக்காது. அதனால் அவருடைய பங்கை, அதாவது அதுவரை சேர்ந்த வட்டியை, நீங்கள் இப்போதே கொடுத்துவிடுகிறீர்கள். காய் இருக்கும் தோப்பை விற்கிறவர் மரத்தில் இருக்கும் காய்க்கும் சேர்த்துப் பணம் கேட்பார் இல்லையா, அந்தக் கணக்குதான். பிப்ரவரியில் கைக்கு வரும் 3,590-இல் 1,994.44 நீங்கள் போட்ட பணம்தான் திரும்பி வருகிறது, மீதி 1,595.56 மட்டுமே உங்கள் வருமானம்.

இரண்டும் நூறு ரூபாய் பத்திரத்துக்கான விலைகள். திரையில் பார்த்த 103.20, சேர்ந்த வட்டி இல்லாத க்ளீன் விலை. கட்டிய 105.1944, அதையும் சேர்த்த டர்ட்டி விலை. பேரம் பேசுவது முதலாவதில், பணம் கைமாறுவது இரண்டாவதில்.

ஐடி ஊழியர்: அண்ணா, அதே பத்திரம், அதே நாள்தான் நானும். வெள்ளிக்கிழமை, நவம்பர் 21 வாங்கினேன். எக்செல்லில் தேதியைக் கழித்தால் 99 நாள் வருகிறது, இவர்கள் 100 நாளுக்கு வட்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஏமாற்றுதானே?

இல்லை தம்பி. உங்கள் கணக்கில் இரண்டு தப்பு இருக்கிறது, ஒன்றையொன்று கிட்டத்தட்ட ஈடுகட்டிவிட்டதால் வெளியே தெரியவில்லை.

முதலாவது, வாங்கிய நாள் வரை எண்ணக்கூடாது, செட்டில்மென்ட் நாள் வரை எண்ண வேண்டும். அரசு பத்திரத்துக்கு அது அடுத்த வேலை நாள். வெள்ளிக்கிழமை வாங்கினால் திங்கள். சனி, ஞாயிறு வட்டியும் விற்றவருக்குத்தான், ஏனென்றால் அதுவரை உங்கள் பணம் உங்களிடமே இருந்தது. அப்படி எண்ணினால் காலண்டரில் 102 நாள் வரும்.

இரண்டாவது, அரசு பத்திரத்தில் எல்லா மாதமும் 30 நாள், வருஷம் 360 நாள். ஆகஸ்ட் 31, அக்டோபர் 31 இரண்டும் இந்தக் கணக்கில் கிடையாது. 102-இல் அவை போனால் 100.

```
7.18 × 100 / 360 = 1.9944
```

அரசின் குறுகிய காலக் கடனான டிரஷரி பில்லுக்கு உண்மையான நாள்கள், வருஷத்துக்கு 365. கம்பெனி பாண்டுகளிலும் உண்மையான நாள் கணக்குதான். நான் டீலிங் ரூமுக்கு வந்த புதிதில் ஒரு அரசு பத்திரத்துக்கு 365 போட்டுச் சீட்டு எழுதிவிட்டேன். உங்கள் பத்திரத்தில் அந்தத் தப்பைச் செய்தால் 102/365 என்று 2,006 ரூபாய் வரும், அதாவது லட்சத்துக்கு வெறும் 12 ரூபாய் வித்தியாசம். ஆனால் 50 கோடி டீலில் அது 60,000 ரூபாய். எதிர்த்தரப்பிலிருந்து போனில் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

கடை வைத்திருப்பவர்: அப்பா பெயரில் ஒரு கம்பெனியின் என்சிடி கடன் பத்திரம் இருக்கிறது. வட்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆப்பில் விலை தடாலென்று விழுந்தது. கம்பெனிக்கு ஏதாவது பிரச்சினையா? விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். விழுந்த தொகையையும் அந்தத் தவணை வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பங்குச் சந்தையில் பங்குபோல வாங்கி விற்கும் என்சிடிகளின் விலையில் சேர்ந்த வட்டியும் கலந்தே இருக்கும், அதாவது நீங்கள் பார்த்தது டர்ட்டி விலை. அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், வட்டி யாருக்கு என்று முடிவு செய்யும் ரெக்கார்டு தேதி தாண்டியதும் ஒரே நாளில் இறங்கும், திரும்ப ஏறும். வரைபடத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்கும். க்ளீன் விலையில் பேசுவதே இந்தப் பல்லை மழித்துவிட்டு, சந்தை நிஜமாகவே ஏறியதா இறங்கியதா என்று பார்க்கத்தான்.

விழுந்தது தவணை வட்டியைவிட ரொம்ப அதிகம் என்றால் அது வேறு விஷயம். அப்போது ரேட்டிங்கைப் பாருங்கள்.

எம்பிஏ மாணவி: சார், நடுவில் வட்டி தராமல் கடைசியில் 100 ரூபாய் தரும் 10 வருட ஜீரோ கூப்பன் பத்திரம், ஈல்டு, அதாவது வருஷ வருமான விகிதம், 7%. விலை எனக்கு 50.83 வருகிறது, விடை 50.26 என்கிறார்கள்.

கணக்கு சரிதான்மா, வழக்கம்தான் வேறு. நீங்கள் வருஷத்துக்கு ஒரு முறை கூட்டுவட்டி போட்டிருக்கிறீர்கள். இங்கே அரசு பத்திரங்கள் அரையாண்டுக் கணக்கு, அவற்றின் ஒவ்வொரு தவணையையும் தனித்தனி ஜீரோவாகப் பிரித்த ஸ்ட்ரிப்ஸையும் அப்படியே போட்டால்தான், தவணை வட்டி தரும் கூப்பன் பத்திரத்தோடு ஒப்பிட முடியும்.

```
100 / (1.07)^10  = 50.83
100 / (1.035)^20 = 50.26
```

ஈல்டு என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், வருஷத்துக்கு எத்தனை முறை கூட்டுவது என்று கேட்காமல் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். ஈல்டு 8% ஆனால் இந்த ஜீரோ 45.64-க்கு இறங்கும், 9 சதவீதத்துக்கு மேல் அடி. அதே 10 வருடத்தில் 7% கூப்பன் பத்திரம் 100-இலிருந்து 93.20-க்குத்தான் வரும். நடுவில் கைக்கு எதுவும் வராமல் மொத்தமும் கடைசி நாளில் தொங்குவதால் வரும் வித்தியாசம் அது.

பழைய உறுப்பினர்: ஜீரோவில் கூப்பனே இல்லை, அதனால் சேர்ந்த வட்டியும் இல்லை, க்ளீனும் டர்ட்டியும் ஒன்றுதான். இதில் பேச என்ன இருக்கிறது?

பாதி சரி. விலை ஒன்றுதான், தனியாக வட்டி கட்ட வேண்டாம். ஆனால் வட்டி சேரவில்லை என்று சொல்ல முடியாது, அது விலைக்குள்ளேயே ஏறிக்கொண்டிருக்கிறது. 364 நாள் டிரஷரி பில்லை 6.5 சதவீதத்தில் 93.91-க்கு வாங்கி, பாதியில், அதாவது 182 நாளில், அதே ஈல்டில் விற்றால் 96.86 கிடைக்கும். அந்த 2.95 ரூபாய் முழுக்கக் காலத்துக்கான கூலி, சந்தை ஏறியதால் வந்த லாபம் அதில் ஒரு பைசா கிடையாது. ஜீரோவில் இதைப் பிரித்துக் காட்ட ஆளில்லை, நாமே பிரித்துப் பார்க்க வேண்டும்.

இல்லத்தரசி: எங்கள் தபால் நிலைய என்எஸ்சியும் கடைசியில்தான் பணம் தருகிறது. அதை இன்று எந்த விலைக்கு விற்கலாம்?

பணம் வரும் விதம் ஜீரோ மாதிரிதான், ஆனால் அதைச் சந்தையில் விற்க முடியாதும்மா. சந்தை இல்லாததற்கு விலையும் இல்லை.

ஐடி ஊழியர் மறுபடியும்: கூப்பனும் ஈல்டும் ஒன்றாக இருந்தால் விலை 100 வர வேண்டுமே. எக்செல் 99.98 காட்டுகிறது.

```
=PRICE(DATE(2025,11,24),DATE(2033,8,14),7.18%,7.18%,100,2,4)
```

இதைத்தானே போட்டீர்கள்? நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்த ஃபங்ஷன் தருவது க்ளீன் விலை. முழு விலை கூட்டுவட்டியில் வளர்ந்து அன்று 101.979-இல் நிற்கும், நாம் கழிக்கும் சேர்ந்த வட்டியோ நேர்கோட்டில் 1.994. கூட்டுவட்டி அரையாண்டின் நடுவில் நேர்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே தொய்ந்துதான் வரும், அந்தத் தொய்வுதான் உங்கள் ஒன்றரை பைசா. கூப்பன் தேதியில் போட்டுப் பாருங்கள், சரியாக 100 வரும்.

ஆசிரியர்: அப்படியென்றால் பிப்ரவரியில் வரும் 3,590 முழுவதற்கும் நான் வரி கட்ட வேண்டுமா, அல்லது 1,595-க்கு மட்டுமா?

இதில் எனக்கும் என் ஆடிட்டருக்கும் வருஷக்கணக்கில் சண்டை. நான் போட்ட பணம் திரும்பி வந்ததற்கு வரி எதற்கு என்பது என் வாதம். வந்தது முழுவதும் வட்டி, கொடுத்ததை வாங்கிய விலையில் சேர்த்துக்கொள், விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. வங்கிகள் விஷயத்திலேயே இந்த இடைக்கால வட்டி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே பத்திரம் வியாபாரச் சரக்கு, நம்மைப் போலத் தனி ஆள் முதலீடு இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். காண்ட்ராக்ட் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அதில் 1,994.44 தனி வரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் ஆடிட்டர் என்ன சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுங்கள், நான் என்னுடையவரிடம் காட்ட வேண்டும்.