தவணை முறையில் வாங்கிய இயந்திரத்தின் அசல் விலையையும் வட்டியையும் பிரிப்பது

கேள்வி: பட்டறைக்கு ஒரு சிஎன்சி லேத் வாங்கினோம். முன்பணம் 3,00,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 3,99,300 ரூபாய் வீதம் மூன்று தவணை. கட்டும் முழுத் தொகையும் இயந்திரத்தின் விலைதானே? வட்டியை ஏன், எப்படிப் பிரிக்க வேண்டும்?

கோவையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பல ஆண்டுகளாகப் பிழைத்து வருகிறேன். ஒரு பட்டறையின் பழைய பேரேட்டில், தவணை கட்டும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொகையை இயந்திரக் கணக்கிலேயே கூட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இயந்திரம் தேய்வதற்குப் பதிலாக ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருந்தது. கடன் பாக்கி எவ்வளவு என்பது பேரேட்டில் எங்குமே இல்லை.

நீங்கள் கட்டப்போகும் மொத்தம் 14,97,900 ரூபாய். அதே நாளில் முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ, அதுவே இயந்திரத்தின் விலை. மீதி, காத்திருந்ததற்காக விற்பவர் வாங்கும் வட்டி. ஏஎஸ் 10, இந்த் ஏஎஸ் 16 ஆகிய இரு கணக்கியல் தரங்களும், வழக்கமான கடன் தவணைக்கு மேல் பணம் தள்ளிப்போனால் இந்த வித்தியாசத்தைக் கடன் காலம் முழுவதற்கும் வட்டியாகப் பரப்ப வேண்டும் என்றே கூறுகின்றன. கட்டி முடிக்க நீண்ட காலம் பிடிக்கும் சொத்துகளுக்கு விதிவிலக்கு உண்டு. சில வாரங்களில் நிறுவி ஓட்டத் தொடங்கும் லேத்துக்கு அது பொருந்தாது. வருமான வரியிலும், இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்த பிறகான காலத்துக்குரிய வட்டியை அதன் அடக்க விலையில் சேர்த்துத் தேய்மானம் கோர முடியாது.

உங்களிடம் ரொக்க விலை எழுதிய கொட்டேஷன் இல்லை, ஆனால் ஒப்பந்தத்தில் 10 சதவீத வட்டி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கடைசித் தவணையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். கடைசியாகக் கட்டும் 3,99,300 ரூபாயில் அசலும் அதன்மீது ஓராண்டு வட்டியும் கலந்திருப்பதால், 110 ரூபாயில் 10 ரூபாய் வட்டி. இந்த இடத்தில்தான் பலரும் 100-க்கு 10 எனக் கணக்கிட்டுத் தவறுகிறார்கள். 11-இல் ஒரு பங்கு 36,300 ரூபாய். ஆகவே மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பாக்கி 3,63,000 ரூபாய். அதனுடன் இரண்டாம் தவணையைக் கூட்டினால் 7,62,300; அதில் 11-இல் ஒரு பங்கான 69,300 வட்டி; பாக்கி 6,93,000. முதல் தவணையையும் கூட்டினால் 10,92,300, வட்டி 99,300, பாக்கி 9,93,000. முன்பணம் மூன்று லட்சத்தைச் சேர்த்தால் ரொக்க விலை 12,93,000 ரூபாய். மூன்று வட்டிகளின் கூட்டுத்தொகை 2,04,900. இதுவும் மொத்தத்துக்கும் ரொக்க விலைக்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றாக வந்தால் கணக்கு சரி.

வாங்கிய நாளன்று இயந்திரக் கணக்கில் 12,93,000 ரூபாயைப் பற்று வைத்து, வங்கிக்கு 3,00,000, விற்றவருக்கு 9,93,000 என வரவு வைக்க வேண்டும். அதன்பின் தவணைகள் இயந்திரக் கணக்கைத் தொடவே கூடாது. மொத்த வட்டியை மூன்றாகப் பங்கிட்டு ஆண்டுக்கு 68,300 என்று எழுதுவதும் தவறு. பாக்கி அதிகமாக இருக்கும் முதல் ஆண்டில்தான் வட்டியும் அதிகம்.

தவணை நாளும் மார்ச் 31-உம் ஒன்றாக இருப்பது அரிது. அக்டோபர் 1 அன்று வாங்கிச் செப்டம்பர் 30-இல் தவணை கட்டுவதாக இருந்தால், முதல் மார்ச் 31-இல் ஒரு தவணையும் கட்டியிராவிட்டாலும் அரையாண்டு வட்டியான 49,650 ரூபாயைச் செலவாகவும், விற்றவருக்குத் தர வேண்டிய தொகையாகவும் காட்ட வேண்டும். அடுத்த நிதியாண்டுக்கு எஞ்சிய 49,650 ரூபாயும் இரண்டாம் தவணை வட்டியில் பாதியான 34,650 ரூபாயும் சேர்ந்து 84,300 ரூபாய் வரும்.

ரொக்க விலை தெரிந்து வட்டி விகிதம் தெரியாவிட்டால் எக்செல்லில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
=RATE(3,-399300,993000)
```

விடை 10 சதவீதம் வரும். விற்பனையாளர் இதையே "ஏழு சதவீதத்துக்கும் குறைவு" என்று சொல்லியிருக்கக்கூடும். 2,04,900 ரூபாயை முதல் பாக்கியான 9,93,000-ஆல் வகுத்து மூன்றாண்டுக்குப் பிரித்தால் 6.88 சதவீதம்தான் வரும். அசல் குறைந்துகொண்டே வருவதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

"வட்டியில்லாத் தவணை" என்று விற்கப்படும் இயந்திரங்களில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ரொக்கமாகக் கொடுப்பவருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். பட்டியல் விலையை அப்படியே ரொக்க விலையாக எடுத்துக்கொண்டால், நீங்கள் இழந்த அந்தத் தள்ளுபடி இயந்திரத்தின் விலைக்குள் மறைந்துவிடும். உண்மையில் அதுதான் வட்டி. மேலே உள்ள தொகைகள் அனைத்தும் ஜிஎஸ்டி நீங்கலானவை என்று எடுத்துக்கொண்டேன். உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கிறீர்கள் என்றால் அந்த வரியை இயந்திரக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.