நாங்கள் முதலில் வந்தோம், அவரை ஏன் முதலில் பார்த்தீர்கள்? எமர்ஜென்சி வாசல் கேள்விகள்

வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறைதான். எமர்ஜென்சியில் காத்திருந்தோம், பின்னால் வந்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் இந்த முறை ட்ரையேஜ் மட்டும். நோயாளிகளை வந்த வரிசைப்படி இல்லாமல் நிலைமையைப் பார்த்துப் பிரிப்பதற்குத்தான் அந்தப் பெயர். சிவப்பு என்றால் உடனே உள்ளே, மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம், பச்சை என்றால் கடைசியில் பார்க்கலாம்.

கேள்வி: பட்டறையில் கை வெட்டுப்பட்டு ரத்தம் சொட்டச் சொட்டப் போனேன். கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கி, தானே நடந்து வந்த ஒரு அம்மாவை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். இது என்ன நியாயம்?

உங்கள் ஆஸ்பத்திரியில் அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த ஊர் எமர்ஜென்சியிலும் ஒரு சாயங்காலம் இப்படி இருக்கலாம். ஆறே முக்காலிலிருந்து ஏழு மணிக்குள் நான்கு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வருபவர் ஒரு வாரமாக முதுகுவலி உள்ளவர். அடுத்து உங்களைப் போல ஒரு இளைஞர், உள்ளங்கையில் ஆழமான வெட்டு, சுற்றிய துண்டு முழுக்க ரத்தம். மூன்றாவது, 56 வயது அம்மா; பத்து வருடமாகச் சுகர். "வாயுத் தொல்லை, தோள்பட்டை இழுக்குது, உடம்பு ஓய்ஞ்சு போச்சு" என்கிறார். நான்காவது, அம்மா மடியில் ஒன்பது மாதக் குழந்தை, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அழவில்லை, சும்மா படுத்திருக்கிறது.

வாசலில் நிற்கும் நர்ஸ் யாருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பதில்லை. "இவரை அரை மணி நேரம் உட்கார வைத்தால் என்ன கெடும்?" என்றுதான் பார்க்கிறார். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு சரியாக ஓடுகிறதா, ரத்த ஓட்டம் இருக்கிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்ற வரிசையில் போவார்.

இளைஞருக்கு நாடி 96, பிபி 130/80. விரல்களை அசைக்கிறார், தொடு உணர்வு இருக்கிறது, அழுத்திக் கட்டியதும் ரத்தம் நின்றுவிட்டது. வலி நிஜம்தான், ஆனால் அரை மணி நேரத்தில் அந்தக் கை கெட்டுப்போகாது. மஞ்சள்.

அந்த அம்மாவுக்கு நாடி 112, பிபி 100/70, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு பல சமயம் நெஞ்சைப் பிடிக்கும் வலியாக வராது. வாயு, சோர்வு, தாடை வலி, மூச்சு வாங்குவது என்று வேஷம் போட்டு வரும். அதனால்தான் இப்படிப்பட்டவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு. அடைத்த ரத்தக்குழாயைத் திறக்கும் வரை ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சிவப்பு.

குழந்தையின் நெஞ்சில் விரலை ஐந்து வினாடி அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் சிவக்க நான்கு வினாடி ஆகிறது. மூன்றுக்குள் சிவந்திருக்க வேண்டும். கண் குழி விழுந்திருக்கிறது. அதுவும் சிவப்பு. குழந்தைகளின் உடம்பு பிபியைக் கடைசி வரை பிடித்து நிறுத்திவிட்டுத் திடீரென்று விடும். பிபி இறங்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் போயிருக்கும். வீறிட்டு அழும் குழந்தையைவிட அழாத குழந்தைதான் எங்களை ஓட வைக்கும்.

ஆக, முதலில் வந்த முதுகுவலிக்காரர் கடைசியில். நான்காவதாக வந்த குழந்தையும் மூன்றாவதாக வந்த அம்மாவும் ஒரே நேரத்தில் உள்ளே. உங்கள் இடம் நடுவில்.

கேள்வி: சிவப்பு, மஞ்சள், பச்சை என்கிறார்கள். சில தனியார் ஆஸ்பத்திரிகளில் 1 முதல் 5 வரை எண் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கான 'தாய்' திட்டத்தில் மூன்று நிறம். ஆஸ்திரேலியாவில் ஐந்து படி, ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் தொடங்க ஒரு கெடு: உடனே, 10, 30, 60, 120 நிமிடம். ஐந்து படியில் நடுத்தரமான நோயாளிகளை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம். கூட்டம் நெரியும் இடத்தில், ஒரு நிமிடத்தில் முடிவெடுக்க, மூன்று நிறம் கைக்கு அடக்கம்.

கேள்வி: 108-ல் போனால் முதலில் பார்ப்பார்களாமே? அதற்காகவே ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா?

வந்த வாகனத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஆம்புலன்ஸில் வந்து பச்சை வாங்கியவர்களும் உண்டு, பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவரப்பட்டுச் சிவப்பு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் 108 முன்கூட்டியே தகவல் சொல்லிவிடும், வழியில் ஆக்சிஜன் தரும். நிஜமாகவே மோசமானவருக்கு அது பெரிய லாபம்.

கேள்வி: எங்கள் தாத்தா வீட்டில் வழுக்கி விழுந்தார். நாடி, பிபி எல்லாம் நார்மல் என்று மஞ்சளில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நிலைமை மோசமாகி ஓடினார்கள். வாசலிலேயே தப்பு செய்துவிட்டார்களா?

செய்திருக்கலாம். நானே செய்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில், ஒரு இரவு, திண்ணையிலிருந்து விழுந்த எழுபது வயதுப் பெரியவர். இடது விலாவில் வலி. நாடி 76, பிபி 112/70. நோட்டில் எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. மஞ்சள் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்துப் பேரன் வந்து, "தாத்தா ஏதோ உளறுறாரு சார்" என்றான். போய்த் தொட்டால் கை கால் ஜில்லென்று இருக்கிறது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம். அறுவை செய்து பிழைத்தார், என் புண்ணியத்தால் அல்ல.

நான் கேட்கத் தவறியது ஒரே கேள்வி: என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? பிபிக்கு அட்டெனலால். ரத்தம் குறைந்தால் நாடி வேகமாக ஓட வேண்டும். அந்த ரக மாத்திரைகள் அதை ஓட விடாது. 76 என்ற எண் அவர் உடம்பின் நிலையைச் சொல்லவில்லை, மாத்திரையின் வேலையைச் சொன்னது. அப்புறம் பிபி. சாதாரணமாகவே 160 இருக்கும் மனிதருக்கு 112 என்பது நார்மல் இல்லை, சரிவு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டு வந்தாலும் இதே கதைதான். உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், உள்ளே கசிந்துகொண்டிருக்கும்.

இந்த மாதிரித் தப்பைக் குறைக்கத்தான் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே சிவப்பு போடுகிறோம். விபத்துக் காயங்களில், அமெரிக்க அறுவை மருத்துவர்கள் அமைப்பின் கணக்குப்படி, மோசமானவரைக் குறைத்து எடைபோடுவது 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காகச் சாதாரணமானவர்களில் 25 முதல் 35 சதவீதம் பேரைக் கூடுதலாக எடைபோட்டாலும் பரவாயில்லை. சிவப்பில் போனவர் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு நடந்து போவதைப் பார்த்து "இவருக்கா அவ்வளவு அவசரம்?" என்று தோன்றினால், காரணம் இதுதான்.

கேள்வி: மஞ்சளிலோ பச்சையிலோ காத்திருக்கும்போது எதைப் பார்த்தால் மறுபடி போய்ச் சொல்ல வேண்டும்? தொந்தரவு என்று திட்டுவார்களே?

திட்டினாலும் சொல்லுங்கள். வாசலில் கொடுத்த நிறம் அந்த நிமிடத்துக்கானது. மஞ்சளில் இருப்பவரை இடையிடையே மறுபடி பார்த்தாக வேண்டும். கூட்டத்தில் அதுதான் முதலில் விட்டுப்போகும். புதிதாக உளறல், தூங்கித் தூங்கி விழுவது, மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, குளிர்ந்த வியர்வை, கட்டுக்கு மேல் ரத்தம் ஊறுவது, மறுபடி வாந்தி. இதில் எது வந்தாலும் எழுந்து போங்கள். "ரொம்ப நேரமா காத்திருக்கோம்" என்று தொடங்காதீர்கள், அதை நாங்கள் நாள் முழுக்கக் கேட்கிறோம். "வந்தப்போ நல்லாப் பேசினார், இப்போ பேச்சு குழறுது" என்று என்ன மாறியது என்பதைச் சொன்னால் நர்ஸ் நிமிர்ந்து பார்ப்பார்.

வாசலிலேயே சொல்ல வேண்டியவையும் சில உண்டு: சாப்பிடும் மாத்திரைகள் (சீட்டு இல்லாவிட்டால் அட்டையையே கொண்டுவாருங்கள்), எப்போது ஆரம்பித்தது என்பது, பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்பது. கடைசியைக் கூட்டத்தில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வயிற்றுவலியும் மயக்கமும் நாள் தள்ளிப்போனதும் சேர்ந்தால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கலாம். அந்த ஒரு தகவல் பச்சையைச் சிவப்பாக்கும்.

கேள்வி: என் கணவருக்குக் காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் வாய் கோணியது, கை கொஞ்சம் பலவீனம். வலியே இல்லை, பிபியும் பரவாயில்லை. ஆனாலும் சிவப்பு என்று ஓடினார்கள். பணம் பிடுங்கவா?

இல்லை அம்மா. பக்கவாதத்தில் எண்கள் எல்லாம் அழகாகவே இருக்கலாம், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தூங்கி எழும்போதே அறிகுறி இருந்தால், எழுந்த நேரத்திலிருந்து கணக்கு வைக்க முடியாது, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான். "ராத்திரி பத்து மணிக்குப் பால் குடிச்சுட்டு நல்லாத்தான் படுத்தார்" என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அடுத்த முடிவே. வேறு வகை ஸ்கேன் எடுத்து, நேரம் தாண்டியும் சிலருக்கு உதவ முடிகிறது.

கேள்வி: முதலில் ஓபி சீட்டு போட்டு வா, போலீஸ் கேஸ், கையெழுத்து வேண்டும் என்றால்?

சிவப்புக்குச் சீட்டு பிறகு. விபத்தில் அடிபட்டவரின் உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதைத் தாமதப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் சொல்லிவிட்டது. அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: பஸ் கவிழ்ந்த இடத்தில், மூச்சு நின்றவரை விட்டுவிட்டு, பேச முடிந்தவரை முதலில் ஏற்றினார்களாம். மோசமானவருக்கு முதலிடம் என்பது பொய்யா?

அங்கே கணக்கு மாறும். ஆஸ்பத்திரியில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மூச்சு நின்றால் நான்கு பேர் அவரைச் சுற்றி நிற்கலாம். கவிழ்ந்த பஸ்ஸில் முப்பது பேருக்கு இரண்டு பேர்தான் உதவிக்கு இருந்தால், அந்த நான்கு பேர் எங்கே?

1983-ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான 'ஸ்டார்ட்' முறையில், நடக்க முடிந்தவர்களை எல்லாம் முதலில் ஒரு ஓரமாக நடந்து போகச் சொல்வார்கள். அவர்கள் பச்சை. மிச்சமிருப்பவர்களில் மூச்சு இல்லாதவரின் மூச்சுப்பாதையைத் திறந்து பார்ப்பார்கள். மூச்சு திரும்பினால் சிவப்பு, திரும்பாவிட்டால் கருப்பு. நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு, நகம் அழுத்தினால் சிவக்க 2 வினாடிக்கு மேல், சொன்னதைச் செய்ய முடியாமை, இதில் ஏதாவது இருந்தால் சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள். நீங்கள் சொன்னவர், பேசிக்கொண்டிருந்தாலும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தால், வண்டியில் முதல் இடம் அவருக்குத்தான். கருப்புப் பட்டை கட்டியவரை, ஆட்கள் வந்து சேர்ந்ததும் மறுபடி ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள்.