ஃபோர்குளோஷர் கடிதத்தை லெட்ஜரோடு வரிக்கு வரி ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: குட்டி யானைக்கு ஃபைனான்ஸ் போட்டிருக்கிறேன். மொத்தமாகக் கட்டி முடித்துவிடலாம் என்று ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்டால், அசலைவிட ரொம்பக் கூடுதலாகப் போட்டுத் தருகிறார்கள். வட்டி, அபராதம் எல்லாம் சரிதானா என்று நானே பார்க்க முடியுமா? இருப்பது எர்ணாவூர்.

பதில்:

பார்க்க முடியும். அதற்குக் கடன் ஒப்பந்தம், தவணை அட்டவணை, கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரையிலான முழு லெட்ஜர் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். லெட்ஜரைக் கிளைகளில் எஸ்.ஓ.ஏ. என்றும் சொல்வார்கள். கடைசி ஆறு மாதத்துக்கு மட்டும் அச்செடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் பிழை பெரும்பாலும் அதற்கு முந்தைய பக்கத்தில்தான் தொடங்கியிருக்கும்.

நான் தண்டையார்பேட்டையில் லாரி, லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கொருக்குப்பேட்டையில் தண்ணீர் கேன் போடும் ஒருவர் 2025 ஏப்ரலில் கொண்டுவந்த கடிதத்தை வைத்தே விளக்குகிறேன், உங்கள் கடிதமும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் இருக்கும். அவர் வாங்கிய கடன் 5 லட்சம் ரூபாய், 48 தவணை, மாதத் தவணை 13,915 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. 26 தவணை முடிந்திருந்தது. ஏப்ரல் 17 அன்று கட்டுவதாகச் சொல்லி வாங்கிய கடிதத்தில் அசல் 2,66,208, தவணை நிலுவை 146, வட்டி 3,328, அபராதம் 1,670, முன்கூட்டி முடிக்கும் கட்டணம் 10,648, ஜி.எஸ்.டி. 2,217, ஆக மொத்தம் 2,84,217 ரூபாய் என்று இருந்தது.

முதலில் வட்டி விகிதத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வண்டி எடுக்கும்போது ஷோரூமில் அவரிடம் சொன்னது 8.4 சதவீதம். அது பிளாட் வட்டி, அதாவது நான்கு வருடமும் முழு 5 லட்சத்துக்கும் போட்ட கணக்கு. முடிக்கும்போது அது உதவாது, குறைந்துவரும் அசலுக்கு எத்தனை சதவீதம் என்பதே வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த எண் கண்ணுக்குப் படாவிட்டால் லெட்ஜரிலிருந்தே எடுத்துவிடலாம். மார்ச் தவணைக்குப் பிறகு அசல் 2,76,665 என்றும், ஏப்ரல் தவணையில் வட்டிக்குப் போனது 3,458 என்றும் இருந்தது. வட்டியை அசலால் வகுத்தால் மாதத்துக்கு 1.25 சதவீதம், வருடத்துக்கு 15 சதவீதம். தவணையில் மீதமுள்ள 10,457 அசலில் கழிய, 2,66,208 வருகிறது. கடிதத்தில் உள்ள அசலும் அதுவே. ஆகவே முதல் வரியில் தகராறு இல்லை.

அடுத்தது வட்டி வரி. ஏப்ரல் 5ஆம் தேதி கட்டிய தவணையோடு அன்று வரைக்குமான வட்டி தீர்ந்துவிட்டது. அதன்பின் அவர் பணத்தை வைத்திருந்தது ஏப்ரல் 17 வரை, 12 நாள் மட்டுமே. அதற்குரிய கணக்கு இது:

```
266208 × 15 / 100 / 365 = 109.40
109.40 × 12 = 1312.80
```

கடிதமோ 3,328 கேட்கிறது. 2,66,208இல் 1.25 சதவீதம் எவ்வளவு என்று பார்த்தால் அதே 3,328 வரும். அதாவது மே 5 வரைக்குமான முழு மாத வட்டியைப் போட்டிருக்கிறார்கள். கூடுதல் 2,015 ரூபாய். மாதத்தின் நடுவில் கடனை அடைத்தாலும் முழு மாதத்துக்கும் வட்டி பிடிப்பது முறையற்ற வழக்கம் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லி, கடன் நிலுவையில் இருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி என்று நிறுத்தியிருக்கிறது. கவுன்ட்டரில் "சிஸ்டத்தில் அப்படித்தான் சார் வருகிறது" என்பார்கள். சிஸ்டத்தில் வருவது சுற்றறிக்கைக்கு மேலே போய்விடாது.

இந்த வரியில் சிறு வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம். சில நிறுவனங்கள் வருடத்தை 360 நாளாக வைத்துக் கணக்கிடும். சிலர் பணம் வந்த நாளையும் சேர்த்து 13 நாள் என்பார்கள். ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் வித்தியாசம் முதலாவதில் 18 ரூபாய், இரண்டாவதில் 109 ரூபாய். ஆயிரத்தைத் தாண்டினால் காரணம் வேறு.

என் அனுபவத்தில் அதிகமாகச் சிக்கல் விழுவது அபராத வரியில்தான், அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அவருக்கு ஒரே ஒரு முறைதான் தவணை திரும்பியது, 2024 அக்டோபர் 5இல். வங்கிக் கணக்கில் போதிய பணம் இல்லாததால், தவணையைத் தானாகப் பிடிக்கும் நாச் பவுன்ஸ் ஆகி, 21ஆம் தேதி கிளைக்குப் போய் ரொக்கமாக 14,505 ரூபாய் கட்டியிருக்கிறார். ரசீதை வைத்திருந்தார். தவணை 13,915, பவுன்ஸ் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 590. அன்றைக்கு அவர் கேட்டபோது ஊழியர் சொன்னது அந்தத் தொகைதான். 16 நாள் தாமதத்துக்கான அபராதத்தை யாரும் சொல்லவில்லை.

லெட்ஜரில் அந்த 14,505 எப்படிப் பிரிந்தது என்று பார்த்தபோது கதை விளங்கியது. பணம் வந்தவுடன் முதலில் 590ஐயும், அடுத்து 16 நாளுக்கான அபராதம் 146ஐயும் எடுத்துக்கொண்டு, மிச்சம் 13,769ஐத் தவணையில் வரவு வைத்திருக்கிறார்கள். தவணையில் 146 குறைகிறது. நவம்பர் தவணை வந்தபோது பழைய 146 அதில் கழிந்து, நவம்பரில் 146 பாக்கி. டிசம்பரிலும் அதே. இப்படி மாதத்துக்கு மாதம் அந்த 146 தள்ளிக்கொண்டே வர, ஒவ்வொரு 5ஆம் தேதியும் லெட்ஜரில் 278 ரூபாய் அபராதம் பதிவாகியிருக்கிறது. அவர் ஒப்பந்தப்படி அபராதம், தாமதமான தொகைக்கு மாதம் 2 சதவீதம். 278 என்பது முழுத் தவணையான 13,915இல் 2 சதவீதம். பாக்கி 146 மட்டும் இருக்க, முழுத் தவணையும் வராததுபோல் ஆறு மாதம் அபராதம் ஏறி 1,670 ஆகியிருக்கிறது. ஒப்பந்தப்படி வந்திருக்க வேண்டியது மாதத்துக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவு, ஆறு மாதத்துக்குச் சுமார் 18 ரூபாய்.

ஆகவே, எப்போதாவது ஒரு தவணை திரும்பி, பிறகு கையில் கட்டியிருந்தால், அந்த ரசீதின் தொகை லெட்ஜரில் எந்தெந்தத் தலைப்புக்குப் போயிருக்கிறது என்பதை நீங்கள் முதல் வேலையாகப் பாருங்கள். அதற்குப் பின்வரும் மாதங்களில் ஒரே தொகை அபராதமாகத் திரும்பத் திரும்ப வந்தால் இதே கோளாறாக இருக்கலாம். கட்டணத்தை முதலில் கழிப்பது ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டதே, அதை எதிர்த்துப் பயனில்லை. எந்தத் தொகைக்கு அபராதம் போட்டார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி அபராதம் தனிக் கட்டணமாகத்தான் இருக்கலாம், வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது. அதை அசலில் ஏற்றி அதற்கும் வட்டி போடக் கூடாது. மீறலின் அளவுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். பழைய கடன்களும் 2024 ஜூன் 30க்குள் இந்த முறைக்கு மாறியிருக்க வேண்டும். உங்கள் லெட்ஜரில் அந்தத் தேதிக்குப் பிறகும் அபராதத் தொகை அசலில் கூட்டப்பட்டிருந்தால், தவணை கட்டிய பிறகும் அசல் அட்டவணையில் உள்ளதைவிட அதிகமாக நிற்கும். அதைக் கண்டுபிடிக்க அட்டவணையையும் லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

முன்கூட்டி முடிக்கும் கட்டணம் அவர் விஷயத்தில் சரியாகவே இருந்தது. ஒப்பந்தத்தில் நிலுவை அசலில் 4 சதவீதம் என்று இருந்தது, கணக்கும் அதுதான். மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனுக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்பதைக் கேள்விப்பட்டு, வண்டிக் கடனுக்கும் கிடையாது என்று சிலர் வாதாடுகிறார்கள். நிலையான வட்டியில் வாங்கிய வணிக வண்டிக் கடனுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நிலுவை அசலுக்குப் பதிலாக வட்டியையும் அபராதத்தையும் கூட்டிய தொகைக்கு 4 சதவீதம் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. ஒரே வரியாக 2,217 என்று இருந்தது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. இப்படி இருந்தால் அந்தத் தொகையை 0.18ஆல் வகுத்துப் பாருங்கள். இதில் 12,317 வந்தது. 10,648உடன் 1,670ஐக் கூட்டினால் 12,318. ஆக, அபராதத்துக்கும் வரி போட்டிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி விதிக்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2025 ஜனவரியில் மறைமுக வரி வாரியம் விளக்கம் கொடுத்துவிட்டது. முடிக்கும் கட்டணத்துக்கு மட்டும் வரி 1,917. கூடுதல் 300.

மூன்றையும் சரிசெய்தால் அவர் கட்ட வேண்டியது 2,80,250 ரூபாய், கேட்டதைவிட 3,967 குறைவு. கிளைக்குப் போய் வாயால் சொல்லாமல், வரிக்கு வரி எழுதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னேன். தேதியும் ரசீது எண்ணும் லெட்ஜர் பக்கமும் குறிப்பிட்ட கடிதத்துக்குப் பொதுவான பதில் தந்துவிட்டுப் போக முடியாது. அவருக்குத் திருத்திய கடிதம் வந்தது. உங்களுக்கு 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் பதியலாம். இடையில் தவணைத் தேதி வந்தால் தவணையை நிறுத்திவிடாதீர்கள், புதிதாக ஒரு பவுன்ஸ் விழுந்தால் உங்கள் வாதம் குழம்பிவிடும்.

கட்டும் நாளிலும் ஒரு கவனம் தேவை. கடிதத்தின் செல்லுபடித் தேதிக்குள் பணம் அவர்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும், காசோலை கொடுத்த நாளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் தள்ளினால் எவ்வளவு என்பதையும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள், அவருக்கு அது 109 ரூபாய். கட்டி முடித்ததும் நிலுவை பூஜ்யம் என்று காட்டும் இறுதி லெட்ஜர், என்.ஓ.சி., ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹைப்பாத்திகேஷன் என்ற கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35 ஆகியவற்றைச் சேர்த்தே வாங்கிவிட்டு, அடுத்த மாதம் 5ஆம் தேதி நாச் மூலம் தவணை மறுபடி பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கிப் பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்திருந்தால் திருப்பிக் கேட்க அந்த இறுதி லெட்ஜரே போதும்.