சாரி சிலிண்டருக்கா, "சும்மா"வுக்கா?

அண்ணா வணக்கம். போன வாரம் கேஸ் தீர்ந்துபோச்சு. புக் பண்றேன்னு சொல்லிட்டு நான் மறந்துட்டேன். ஒய்ஃப் கேட்டப்போ, "நீ வீட்ல சும்மாதானே இருக்க, நீயே பண்ணிருக்கலாம்ல"ன்னு சொல்லிட்டேன். நாலு நாளாச்சு, சாப்பாடு டேபிளுக்கு வருது, பேச்சு வரல. கவிதையா எழுதி சாரி கேக்கலாம்னு இத எழுதிருக்கேன். கொஞ்சம் காமெடியாவும் இருக்கணும்னு கடைசி ரெண்டு வரி. குடுக்கலாமா?

நிலவே நீ முகம் திருப்பினால்
என் வானம் இருண்டு போகும்
கோபத்தில் ஏதாவது சொல்லியிருந்தால்
மன்னித்து விடு கண்மணியே
சிலிண்டர் தீர்ந்தாலும்
தீராது என் காதல்

பேர் வேண்டாம்ணா. திருப்பூர்.

---

தம்பி,

இன்னும் குடுக்கலைல்ல? குடுக்காத, ரெண்டு நாள் பொறு, ஆனா எழுதுறத விட்டுடாத. நாலு நாள் கழிச்சும் உக்காந்து எழுதத் தோணுச்சு பாரு, அது நல்ல விஷயம். எழுதினதுதான் வேற ஒரு சண்டைக்கு எழுதினதா இருக்கு.

உன் கவிதையில சிலிண்டர் இருக்கு, "சும்மா" இல்ல. அவங்க நாலு நாளா பேசாம இருக்கறது கேஸ் தீர்ந்ததுக்காக இல்லப்பா. சிலிண்டர் மறக்காத வீடு எது, அது ஒரு நாள்ல தீர்ற பிரச்சனை. "சும்மா"ங்கறது கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவங்க செஞ்ச எல்லாத்தையும் ஒரே வார்த்தையில இல்லேன்னு ஆக்கிடுது. அந்த வார்த்தை கவிதைக்குள்ள வரலன்னா அவங்க படிச்சுட்டு மடிச்சு வச்சுடுவாங்க, அஞ்சாவது நாளும் சாப்பாடு மட்டும்தான் வரும்.

அதுலயும் "ஏதாவது சொல்லியிருந்தால்"னு போட்டிருக்க பாரு, அந்த "ஆல்" மன்னிப்ப அப்படியே கீழ தள்ளிவிட்டுடுது. சொன்னியா இல்லையான்னு உனக்கே தெரியாத மாதிரி ஆயிடுது. "கோபத்தில்"ங்கறதும் அப்படித்தான், தப்ப கோபத்து மேல போட்டுட்டு நீ நகந்துட்ட. சொன்னது நீ. வரியிலயும் நீதான் சொல்லணும்.

நிலவு விஷயத்துக்கு வள்ளுவர்கிட்டயே ஒரு எச்சரிக்கை இருக்கு. 1314ஆவது குறள், புலவி நுணுக்கம் அதிகாரம்: "யாரினும் காதலம் என்றேனா ஊடினாள் யாரினும் யாரினும் என்று." யாரையும் விட நம்ம காதல்தான் பெருசுன்னு பாவம் அவன் ஆசையாதான் சொல்றான், அவ உடனே யார விட, யார விடன்னு பிடிச்சுக்கறா. மனசு புண்பட்டிருக்கற நேரத்துல பெரிய பாராட்டு பாராட்டா காதுல விழாது. நிலவேன்னா யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். அவங்களுக்கு மட்டுமே எழுத முடியற ஒரு வரி வேணும்.

அப்புறம் தமிழ். திட்டுனது "சும்மாதானே இருக்க"ன்னு பேச்சுத் தமிழ்ல, மன்னிப்பு மட்டும் "மன்னித்து விடு கண்மணியே"ன்னு மேடைத் தமிழ்ல. வீட்ல நீ அவங்கள கண்மணின்னு கூப்பிடுறியா என்ன? எந்தத் தமிழ்ல காயப்படுத்துனியோ அதே தமிழ்ல கேட்டாதான் அது உன் குரலா இருக்கும்.

காமெடி எவ்வளவு போடலாம்னா, அது சண்டையோட அளவப் பொறுத்தது. 1306ஆவது குறள்ல துனி, புலவின்னு ரெண்டு வருது: "துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று." பரிமேலழகர் துனிய முத்துன சண்டைன்னும் புலவிய இளசான சண்டைன்னும் பிரிப்பார். சின்ன ஊடல்னா முதல் வரியிலயே சிரிக்க வச்சிடலாம். உன்னோடது நாலு நாள் ஓடிருச்சு, துனிப் பக்கம் வந்துட்ட. அதனால தப்ப ஒத்துக்கற வரைக்கும் சிரிப்பு, சமாளிக்கறதா இருக்கக் கூடாது. சிரிப்பு வந்தா உன்னப் பாத்து வரணும், அவங்க கோபத்தப் பாத்து வரக் கூடாது. சிலிண்டர் தீர்ந்தாலும் தீராது காதல்ங்கறது வார்த்தை விளையாட்டு அவ்வளவுதான், அதுல நீ எங்கயும் மாட்டிக்கல.

இதெல்லாம் யோசிச்சுட்டுதான் நேத்து மெயில்ல, இந்த நாலு நாள்ல வீட்ல என்னதான் நடந்துச்சுன்னு உன்கிட்ட கேட்டேன். நீ ஏதோ பேச்சோட பேச்சா ஒண்ணு எழுதியிருந்த. ரெண்டாவது நாள் காலையில நீயே காபி போடலாம்னு இண்டக்‌ஷன் அடுப்புல அலுமினியப் பாத்திரத்த வச்சுட்டு, அது பீப் பீப்னு கத்த, நீ பட்டன மாத்தி மாத்தி அமுக்கிட்டு நின்னிருக்க, அவங்க வந்து ஒரு வார்த்தை பேசாம பாத்திரத்த மட்டும் மாத்தி வச்சுட்டு உள்ள போய்ட்டாங்கன்னு. (இண்டக்‌ஷன் காந்தத்துல வேலை செய்யுது தம்பி, காந்தம் ஒட்டாத பாத்திரம் அதுல சூடாகாது, சாதாரண அலுமினியத்துல ஒட்டாது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.) அதப் படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா. உன் மேல அவ்வளவு கோபம் இருந்தும், நீ முழிக்கறதப் பாத்துட்டு சும்மா போக அவங்களால முடியல. கவிதை அங்கதான் இருக்கு. நிலவுக்கெல்லாம் போகவே வேண்டாம்.

நான் ஒண்ணு எழுதிப் பாத்தேன், அப்படியே காப்பி அடிச்சுக் குடுத்துடாத, உன் வாயில வர்ற மாதிரி மாத்திக்கோ:

"சும்மாதானே இருக்க"ன்னு சொன்னேன்.
கோபம் சொல்லல. நான்தான் சொன்னேன்.
ரெண்டாம் நாள் காலையில
அலுமினியப் பாத்திரத்த வச்சுட்டு
அது கத்தக் கத்த
அடுப்பத் திட்டிட்டு நின்னேன்.
நீ வந்த.
பாத்திரத்த மாத்துன.
போய்ட்ட.
பால் பொங்கறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு
இந்த வீட்ல சும்மா நின்னது யாருன்னு.
அந்த வார்த்தை தப்பு. மன்னிச்சுக்கோ.
இனிமே சிலிண்டர் என் வேலை.
அலுமினியப் பாத்திரத்த பரண்ல போட்டாச்சு.
என்னையும் போட்டுடாத.

"என் மேல கோபப்படாத", "ப்ளீஸ் பேசு"ன்னெல்லாம் எங்கயும் கேக்கல பாரு. கேட்டா அவங்களுக்கு இன்னொரு வேலை வச்ச மாதிரி. எப்ப பேசணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும். சிரிப்பு கடைசி வரிக்குதான் வருது, அதுக்கு முன்னாடியே மன்னிப்பு வந்துடுச்சு. அந்தக் கடைசி வரி வேண்டாம்னு தோணுச்சுன்னா எடுத்துடு, அது இல்லாமலும் நிக்கும். ஆனா முதல் ரெண்டு வரியில கை வைக்காத.

இன்னொண்ணு, "இனிமே சிலிண்டர் என் வேலை"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி நிஜமாவே புக் பண்ணிட்டியான்னு பாத்துக்கோ. ரெண்டாவது தடவை மறந்தா இந்தக் கவிதைய அவங்களே எடுத்து உன் முன்னாடி வைப்பாங்க.

வாட்ஸப்ல அனுப்பாத. டைப் பண்ணி ஒரு ஹார்ட் போட்டா ஃபார்வர்ட் மெசேஜ் மாதிரி இருக்கும், ஃபேமிலி குரூப்ல வேற தப்பித்தவறி போய்டுச்சுன்னா அவ்வளவுதான். உன் மகளோட நோட்டுல ஒரு பக்கம் கிழிச்சு பேனால எழுது, அடிச்சுத் திருத்துனது இருந்தா இருக்கட்டும். படிச்சுக் காட்டாத, பக்கத்துல நின்னு மூஞ்சியப் பாக்காத. காலையில நீயே காபி போட்டு, இந்தத் தடவை சரியான பாத்திரத்துல, டம்ளருக்கு அடியில வச்சுட்டு வேலைக்குக் கிளம்பிடு.