மலச்சிக்கலுள்ள குழந்தைக்கு எழுதும் வீட்டுத் திட்டம்

அன்புள்ள ஐயா,

குழந்தைகள் நலப் பிரிவில் உணவியல் பயிற்சியில் இருக்கிறேன். மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளின் பதிவேட்டில் ‘நார்ச்சத்து மிகுந்த உணவு, நிறையத் தண்ணீர்’ என்று எழுதுகிறோம். இரண்டு வாரம் கழித்து அதே குழந்தை அதே நிலையில் வருகிறது. உட்கொள்ளும் அளவை எப்படிக் கணக்கிடுவது, பதிவேட்டில் என்ன எழுதுவது?

க.

அன்புள்ள க.,

அந்த வரியில் அளவும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே அடுத்த முறை வரும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எவராலும் சொல்ல முடிவதில்லை. ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

நான்கு வயதுப் பெண் குழந்தை, எடை 14 கிலோ, எல்.கே.ஜி. படிக்கிறாள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கெட்டியாக, வலியோடு மலம் போகிறது. உணவைப் பற்றிக் கேட்பதற்கு முன், ஜட்டியில் மலக்கறை படிகிறதா என்று கேளுங்கள். படிந்தால் மலக்குடலில் மலம் இறுகி அடைத்திருக்க வாய்ப்புண்டு. மருத்துவர் மருந்து கொடுத்து அதை வெளியேற்றும் முன் நார்ச்சத்தைக் கூட்டினால் வயிற்று உப்புசமும் வலியும்தான் கூடும். பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகே முதல் மலம் போனது, பச்சை நிற வாந்தி, எடை ஏறாமை, கால்களில் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுத் திட்டத்தோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவளுக்கு இவை எதுவும் இல்லை.

‘காய் சாப்பிடுவாளா?’ என்று கேட்டால் ‘சாம்பார் தினமும் உண்டு’ என்றே பதில் வரும். சாம்பாரிலிருந்த காய் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டது அந்தப் பதிலில் வராது. அதனால் நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து இரவு தூங்கியது வரை வரிசையாகக் கேளுங்கள். டிபன் பாக்ஸில் என்ன திரும்பி வந்தது என்பதையும், விடுமுறை நாள் எப்படிப் போகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு டம்ளரைத் தாயின் கையில் கொடுத்து, பால் எதுவரை இருக்கும் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லி, அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். பகலில் பாட்டிதான் ஊட்டுகிறார் என்றால் அவரிடமும் பேசியாக வேண்டும்.

இவளுடைய கணக்கு இப்படி வந்தது. பால் மூன்று வேளை, வேளைக்கு 250 மி.லி., ஆக 750. பள்ளிக்குக் கொண்டுபோகும் அரை லிட்டர் பாட்டிலில் 100 மட்டுமே குறைகிறது. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காததால் அவள் தண்ணீரைத் தவிர்க்கிறாள். வீட்டில் தண்ணீர் 150, ரசமும் மோரும் 100. மொத்தம் 1,100 மி.லி. தேவை, முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 4 கிலோவுக்கு 50 மி.லி. வீதம், 1,200. ஆகத் திரவம் பெரிதாகக் குறையவில்லை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாலாக இருப்பதால் பசி அடைபட்டு, சோறும் காயும் உள்ளே போவதில்லை. தேவைக்கு மேல் தண்ணீர் குடிப்பதால் மலம் இளகும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. நார்ச்சத்துக்கு வயதோடு 5-ஐக் கூட்டும் கணக்கு எளியது: இவளுக்கு நாளைக்கு 9 கிராம். இட்லி, தயிர்சாதம், பிஸ்கட், தோசை என்று போகும் அவளுடைய நாளில் தோராயமாக 4 கிராம் தேறுகிறது. இந்த இலக்கை எட்டினால் போதும். அதைத் தாண்டி நார்ச்சத்தை ஏற்றுவதால் கூடுதல் பலன் இல்லை.

பதிவேட்டில் நான் எழுதக்கூடியது இது: “திரவம் 1,100/1,200 மி.லி., இதில் பால் 750. நார்ச்சத்து சுமார் 4/9 கிராம். பால் காலை, இரவு 200 மி.லி. வீதம் இரு வேளை. மாலைப் பால் நிறுத்தம். தண்ணீர் எழுந்ததும் 100, பள்ளியில் 300, வீடு திரும்பியதும் 150, மாலை 150 மி.லி. முதல் வாரம்: மாலை 4 மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த பச்சைப்பயறு 2 மேசைக்கரண்டி. இரண்டாம் வாரம்: அதோடு பாதி கொய்யா அல்லது ஒரு சிறு வாழைப்பழம். காலை உணவுக்குப் பின் 5 நிமிடம் கழிப்பறையில், பாதம் மணைமேல் ஊன்றி. பாட்டிக்கும் விளக்கப்பட்டது. மருத்துவர் கொடுத்த மலமிளக்கியைத் தாமாக நிறுத்தக் கூடாது. 14 நாளில் மறுபார்வை.”

இதில் புதிதாகச் சமைக்க வேண்டியது பயறு மட்டுமே. காலை ஏழரைக்கு வேன் வரும் வீட்டில், காலை உணவை மாற்றச் சொல்லியிருந்தால் மூன்றாம் நாளே நின்றுபோயிருக்கும். கொய்யா விதை வயிற்றைக் கட்டும் என்று பாட்டி மறுக்கக்கூடும். அங்கே வாதாடாமல் வாழைப்பழத்துக்குப் போய்விடலாம். நார்ச்சத்து சற்றுக் குறையும், ஆனால் பழம் உள்ளே போகும்.

மறுபார்வையில் முதலில் எத்தனை நாள் பயறு சாப்பிட்டாள், பாட்டிலில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டு எழுதுங்கள். பிறகே மலம் எத்தனை முறை, எவ்வளவு கெட்டி, வலி உண்டா என்பதை எழுதுங்கள். திட்டம் நடக்கவில்லை என்றால் திட்டத்தை மாற்றுங்கள். நடந்தும் மலம் கெட்டியாகவே போகிறது என்றால் நார்ச்சத்தை மேலும் ஏற்றாமல், மருந்தின் அளவைப் பார்க்கும்படி மருத்துவருக்கு எழுதுங்கள்.