நூல் பிடித்து அளந்த வீடு: என் சிறுகதை பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

பாட்டியின் வீட்டை ஒரு சிறுமி சணல் நூலால் அளந்து பிளான் வரைவதுதான் கதை. வீடுகளை அளந்து வரைவது என் தொழில். அதனால் வந்த கேள்விகளில் அளவு பற்றியவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தாலே அறை செவ்வகம்தானே? அப்புறம் எதற்கு அவள் மூலைக்கு மூலை நூல் பிடிக்கிறாள்?

நீங்கள் சொல்வது பாதி சரி. ஆணி தளர்ந்த படச்சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நான்கு பக்கமும் அதே நீளத்தில்தான் இருக்கும், சட்டம் மட்டும் சாய்ந்துவிடும். கதையில் முதல் அறை 360 செ.மீ.க்கு 300 செ.மீ. மூலைகள் நேராக இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் ஏறக்குறைய 469 வர வேண்டும். அவளுக்கு ஒன்று 480, இன்னொன்று 457 வருகிறது. அதாவது எதிர்ச்சுவர் முழுவதும் 15 செ.மீ. ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது. கண்ணுக்கு இது எளிதில் தெரியாது.

வரைவதும் இந்த மூலைவிட்டத்தை வைத்துத்தான். ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்து, 7.2 செ.மீ.க்கு ஒரு கோடு போடுகிறாள். கோட்டின் ஒரு முனையிலிருந்து 6 செ.மீ., மறுமுனையிலிருந்து 9.6 செ.மீ. என்று காம்பஸால் இரண்டு வில் போடுகிறாள். அவை வெட்டும் இடம்தான் மூன்றாவது மூலை. மூலைமட்டம் இல்லாமலே சாய்ந்த அறை சாய்ந்தபடி காகிதத்தில் வந்துவிடும்.

நூல் இழுத்தால் நீளுமே. அந்த அளவை எப்படி நம்புவது?

நீளும். ஆனால் எல்லாச் சுவருக்கும் அதே நூல், அதே இழுப்பு என்றால் எல்லா அளவும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மாறும், வீட்டின் வடிவம் கெடாது. கெடுப்பது இழுப்பு மாறுவதுதான். பாட்டி மூலையில் முனையை அழுத்திப் பிடித்தபோது நூல் தொய்வாக இருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் முறுக்கி இழுத்தான். ஒரே சுவருக்கு இரண்டு நீளம் வந்ததும் அவள் அன்றைய அளவு முழுவதையும் அடித்துவிட்டு பாட்டியையே திரும்பக் கூப்பிடுகிறாள். அது பாசத்தால் மட்டும் வந்த முடிவு இல்லை.

நூலில் அவள் முடிச்சுப் போடாமல் மையால் குறிப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் நூலைத் தின்னும். மைக்குறி தின்னாது. அப்புறம் அதே இழுப்போடு நூலைத் தரையில் போட்டு அளவுகோலால் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்கப் போகிறோம். இப்படி வரைந்த பிளானை அனுமதிக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். நூல் பிளானில் தரையின் ஏற்ற இறக்கம் வராது, சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் வராது. அதற்குப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

நடுச்சுவர் இரட்டைச் சுவர் என்று அவள் கண்டுபிடித்த கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

கதையில் அதை வேகமாகக் கடந்துவிட்டேன், இங்கே சொல்கிறேன். வெளியே முன்சுவர் முழு நீளம் 870. உள்ளே இரண்டு அறைகளும் 360, 390, ஆக 750. மிச்சம் 120 செ.மீ. மூன்று சுவர்களின் தடிமனுக்குப் போக வேண்டும். ஓரச்சுவர்கள் இரண்டின் தடிமனும் சன்னல் திறப்பில் நேராகவே அளக்கலாம், முப்பது முப்பது. மீதி 60 நடுச்சுவருக்கு. அதில் கதவே இல்லாததால் அதன் தடிமனை யாரும் பார்த்ததில்லை.

நூலில் இரண்டு மூன்று செ.மீ. பிசகலாம், முப்பது பிசகாது. ஆனாலும் அவள் வெளிநீளத்தை இன்னொரு முறை அளக்கிறாள். சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் எப்போதும் நூல்தான். அளவு மாறாததால்தான், முதல் அறையின் வெளிச்சுவரை ஒட்டி இரண்டாவது அறையைத் தனிச்சுவரோடு பின்னால் சேர்த்திருக்கிறார்கள் என்ற யோசனை அவளுக்கு வருகிறது.

எங்கள் வீட்டிலும் இப்படித் தடித்த சுவர் ஒன்று உண்டு. தட்டினால் வெற்றோசை வருகிறது. உள்ளே மூடிய அலமாரி என்கிறார் அப்பா. கதையிலும் அப்படித்தானோ?

இருக்கலாம். தடிமன் மட்டும் அதைச் சொல்லாது. வெற்றோசையையும் நம்ப முடியாது, பூச்சு சுவரை விட்டுப் பெயர்ந்திருந்தாலும் அதே சத்தம்தான். வெளியே போய் அந்தச் சுவர் முன்சுவரைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். பின்னால் சேர்த்த அறை என்றால், பழைய கட்டும் புதிய கட்டும் தனித்தனியாக அமர்வதால் அங்கே மேலிருந்து கீழாக நேரான விரிசல் பெரும்பாலும் இருக்கும். மூடிய அலமாரி என்றால் அறைக்குள் பூச்சில் செவ்வகமாக ஒரு மயிரிழை விரிசல் தெரியலாம்.

கதையில் பாட்டி ஒருநாள் அலமாரி என்கிறாள், இன்னொரு நாள் அந்த அறையே தன் கல்யாணத்துக்குப் பின் கட்டியது என்கிறாள். இரண்டும் உண்மையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. சிறுமி அந்த இடத்தில் சுவரின் இரு விளிம்பை மட்டும் வரைந்து நடுவை வெறுமையாக விடுகிறாள். அளக்க முடியாததை நானும் அப்படித்தான் வரைவேன்.