குரோமில் திறக்கிறது, ஃபயர்பாக்ஸில் அசையவில்லை: குறை எங்கே என்று நீங்களே பார்க்கலாம்

கேள்வி: நான் எப்போதும் ஃபயர்பாக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். ஒரு விண்ணப்பப் பக்கத்தில் ஆவணத்தைப் பதிவேற்றும் பொத்தானை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. அதே பக்கம் குரோமில் சரியாக வேலை செய்கிறது. கணினி பழுதுபார்ப்பவர் ஃபயர்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவ வேண்டும், கூடவே ஒரு ‘கிளீனர்’ மென்பொருளும் வாங்க வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரியா? பிழை எங்கே என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கண்டுபிடிக்க முடியும், அரை மணி நேரம் போதும். அதுவரை எதையும் நீக்க வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம்.

மறுபடி நிறுவுவதால் ஏன் பயன் இராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், நீட்சிகள் எனப்படும் கூடுதல் நிரல்கள், தளங்கள் உங்களை நினைவில் வைக்கப் பயன்படுத்தும் குக்கிகள், அமைப்புகள் எல்லாம் ‘புரொஃபைல்’ எனப்படும் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. ஃபயர்பாக்ஸை வழக்கமான முறையில் நீக்கினால் நிரல் மட்டுமே போகும். அந்தக் கோப்புறை அப்படியே கிடக்கும். புதிதாக நிறுவிய ஃபயர்பாக்ஸ் பழைய கோப்புறையைத்தான் மீண்டும் எடுத்துக்கொள்ளும். எனவே கோளாறு புரொஃபைலில் இருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும். ‘கிளீனர்’ இதற்கு நேர்மாறு. எது தேவை, எது தேவையில்லை என்று பார்க்காமல் எல்லாத் தளங்களின் குக்கிகளையும் துடைத்துவிடும். மறுநாள் ஒவ்வொரு தளத்திலும் புதிதாக உள்நுழைய வேண்டியிருக்கும், பொத்தான் மட்டும் அசையாமலே இருக்கும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பரிந்துரைப்பவர் பிழையைப் பார்க்கவே இல்லை என்று தாராளமாக முடிவு செய்யலாம்.

இனி முறைக்கு வருவோம். இரண்டு உலாவிகளுக்கு இடையே நூறு வேறுபாடுகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் சமன்செய்துகொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் நிலைமை மாறுகிறதோ அங்கேதான் காரணம் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், பக்கம் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இரண்டிலும் திறந்திருப்பது உண்மையிலேயே ஒரே பக்கம்தானா என்று முதலில் பாருங்கள். இது கேலியாகத் தோன்றலாம். ஒரு முறை நானே ஒரு மதியம் முழுவதையும் வீணடித்துவிட்டுக் கடைசியில்தான் கவனித்தேன்: ஒரு உலாவியில் முகவரி www என்று தொடங்கியது, இன்னொன்றில் அது இல்லை, அந்தத் தளம் அவ்விரண்டையும் இரு வேறு வாசல்களாக நடத்தியது. ஆகவே முகவரியை ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றதில் ஒட்டி, இரண்டிலும் உள்நுழைந்து, அதே கோப்பைக் கொண்டு சோதியுங்கள். பிறகு பதிப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் `about:support` என்றும் குரோமில் `chrome://version` என்றும் தட்டச்சிட்டால் அவை தெரியும். கணினியில் விண்டோஸ் 7 இருந்தால் ஃபயர்பாக்ஸ் 115-இலும் குரோம் 109-இலும் நின்றுவிடும். அப்படியானால் பழைய உலாவி என்பதையும் ஒரு காரணமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மூன்றாவது உலாவி ஒன்றைச் சாட்சியாக அழைப்பது நல்லது. ஆனால் சாட்சி யாருடைய உறவினர் என்று தெரிந்திருக்க வேண்டும். எட்ஜ், பிரேவ், ஓபரா ஆகியவை பெயரில்தான் வேறு. பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டி இயக்கும் பகுதியை எஞ்சின் என்பார்கள். இவற்றின் உள்ளே ஓடுவது குரோமில் இருக்கும் அதே பிளிங்க் எஞ்சின். ஃபயர்பாக்ஸின் எஞ்சின் கெக்கோ, சஃபாரியின் எஞ்சின் வெப்கிட். “எட்ஜிலும் வேலை செய்கிறது, பிரேவிலும் வேலை செய்கிறது, மூன்றுக்கு ஒன்று, ஆகவே ஃபயர்பாக்ஸ்தான் பழுது” என்று யாராவது வாதிட்டால், அவர் ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றுகிறார் என்று பொருள். நீங்கள் இதுவரை பயன்படுத்தாத எட்ஜில் பக்கம் வேலை செய்தால், குரோமில் அது ஓடுவதற்கு அங்குள்ள ஏதோ ஒரு தனி அமைப்பு காரணம் அல்ல என்பது மட்டும் உறுதியாகும். அதுவும் பயனுள்ள செய்திதான், ஆனால் அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான படி: ஃபயர்பாக்ஸை வெறுமையான நிலையில் சோதிப்பது. “தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள்” என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அதில் ஒரு பொறி இருப்பதால் இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். தனிப்பட்ட சாளரம் பழைய குக்கிகளைக் கொண்டுவராது. நீங்கள் தனியாக அனுமதி தராதவரை நீட்சிகளும் அதில் ஓடா. இதுவரை சரி. ஆனால் ஃபயர்பாக்ஸின் தனிப்பட்ட சாளரம் சாதாரணச் சாளரத்தைவிடக் கடுமையான காவலுடன் வருகிறது. பயனரைப் பின்தொடரும் நிரல்கள் என்று அது கருதுபவற்றைப் பக்கத்துக்குள் ஏற்றவே விடாது. குரோமின் மறைநிலைச் சாளரமோ வேறு விதமான காவல் வைத்திருக்கிறது. அது இயல்பாகவே மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாமல் பிற தளங்கள் வைப்பவற்றை, தடுக்கும். ஆகவே இந்த இரண்டு சாளரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இரண்டு வெற்றுத் தட்டுகளை ஒப்பிடுவது ஆகாது. தனிப்பட்ட சாளரத்தில் பக்கம் வேலை செய்தால், குறை உங்கள் பழைய நீட்சியிலோ பழைய குக்கியிலோ இருக்கிறது என்று நம்பலாம். அங்கும் வேலை செய்யாவிட்டால் எந்த முடிவுக்கும் வரக்கூடாது, காவலே தடுத்திருக்கலாம். வேலை செய்தால் செய்தி, செய்யாவிட்டால் செய்தி இல்லை. இந்த ஒருபக்கத் தன்மையை மறந்து, “தனிப்பட்ட சாளரத்திலும் ஓடவில்லை, ஆகவே உலாவியே கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டியவர்களை நான் எண்ணிலடங்காமல் பார்த்திருக்கிறேன்.

நம்பத்தக்க வெறுமை புதிய புரொஃபைலில்தான் கிடைக்கும். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் `about:profiles` என்று தட்டச்சிட்டு, Create a New Profile பொத்தானை அழுத்தி, ‘சோதனை’ என்று பெயரிடுங்கள். பட்டியலில் அந்தப் பெயருக்குக் கீழே உள்ள Launch profile in new browser பொத்தானை அழுத்தினால், நீட்சியோ குக்கியோ இல்லாத ஃபயர்பாக்ஸ் ஒன்று தனியே திறக்கும். உங்கள் பழையது தொடப்படாமல் இருக்கும். அதே பட்டியலில் Remove என்றொரு பொத்தானும் உண்டு. உங்கள் பழைய புரொஃபைலின் கீழ் இருப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தாதீர்கள். சோதனை முடிந்ததும் பழையதன் கீழ் Set as default profile என்ற பொத்தான் தெரிந்தால் அதை அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வெறுமையான உலாவி திறந்து, எல்லாம் அழிந்துவிட்டதோ என்று திடுக்கிட நேரும்.

புதிய புரொஃபைலில் பொத்தான் வேலை செய்தால் குறை உங்கள் பழைய புரொஃபைலில் இருக்கிறது. அங்கே திரும்பிச் சென்று, முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் உள்ள கேடயக் குறியை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் காவலை நிறுத்திப் பாருங்கள். பயனில்லையென்றால் காவலை மறுபடி இயக்கிவிட்டு, நீட்சிகளில் பாதியை நிறுத்துங்கள்; சரியானால் நிறுத்திய பாதியில் குற்றவாளி இருக்கிறார், சரியாகாவிட்டால் மற்றப் பாதியில். எட்டு நீட்சிகள் இருந்தாலும் மூன்று சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். அதற்கும் அசையாவிட்டால் அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் அழியுங்கள்.

புதிய புரொஃபைலிலும் பொத்தான் அசையவில்லை என்றால், பக்கத்தின் பிழைச் செய்திகள் பதிவாகும் கன்சோலைத் திறக்க வேண்டும். அஞ்ச வேண்டாம், ஒரே ஒரு வரியைத்தான் தேடப் போகிறோம். இரு உலாவிகளிலும் F12 விசையை அழுத்தி Console என்ற தாவலுக்குச் செல்லுங்கள். பக்கம் திறந்தவுடன் வந்து குவிந்திருக்கும் சிவப்பு வரிகளில் பெரும்பாலானவை வெறும் இரைச்சல். குரோமிலும் அவை இருக்கும். அவற்றை அழித்துவிட்டு, பதிவேற்றும் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். அந்த நொடியில் ஃபயர்பாக்ஸில் மட்டும் தோன்றும் சிவப்பு வரிதான் நமக்கு வேண்டியது. நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பொருந்தி வரக்கூடிய வரி இப்படி இருக்கும்:

```
Uncaught (in promise) TypeError: window.showOpenFilePicker is not a function
```

ஐயம் தீர, இரு கன்சோல்களிலும் கீழ்க்கண்டதைக் கையால் தட்டச்சிட்டு என்டர் அழுத்துங்கள்:

```
typeof window.showOpenFilePicker
```

குரோம் `function` என்று சொல்லும். ஃபயர்பாக்ஸ் `undefined` என்று சொல்லும். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் புதிய வசதி 2020-இல் குரோம் 86-உடன் வந்தது; ஃபயர்பாக்ஸ் அதை ஏற்கவில்லை. அந்தச் சிவப்பு வரி உங்களுக்கும் வந்திருந்தால் நடந்தது இதுதான்: எல்லா உலாவிகளிலும் பல்லாண்டுகளாக ஓடும் பழைய வழி ஒன்று இருக்க, பக்கத்தை எழுதியவர் குரோமில் மட்டும் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் கணினியில் எந்தப் பழுதும் இல்லை. ஆகவே உங்கள் பக்கத்தில் திருத்தவும் எதுவும் இல்லை. கையால் தட்டச்சிடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கன்சோலில் எதையாவது ஒட்ட முயன்றால் உலாவியே எச்சரிக்கும். ‘இதை ஒட்டினால் சரியாகிவிடும்’ என்று பிறர் அனுப்பும் நிரலை ஒட்டுவது, நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்கை அவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

உலாவியின் பெயரை மாற்றிக் காட்டும் நீட்சியை நிறுவிக்கொள்ளும்படி யாராவது சொல்லக்கூடும். பெயரை மட்டும் பார்த்து விரட்டும் தளங்களில் அது சில வேளை பலிக்கும். இங்கே பலிக்காது, குரோம் என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டாலும் இல்லாத வசதி வந்துவிடாது. அந்த நீட்சியை நிறுத்த மறந்தால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறு தளங்களும் குழம்பும்.

தளத்தாருக்கு எழுதுங்கள். பக்கத்தின் முகவரி, இரு பதிப்பு எண்கள், அந்தச் சிவப்பு வரி எழுத்து மாறாமல், புதிய புரொஃபைலிலும் இதேதான் என்ற ஒரு வாக்கியம், இவ்வளவு போதும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியை வெட்டிவிடுங்கள். அதில் உங்கள் விண்ணப்ப எண் இருக்கலாம். “குக்கிகளை அழித்துவிட்டு குரோமைப் பயன்படுத்தவும்” என்ற ஆயத்தப் பதில்தான் முதலில் வரும். கடிதத்தைப் படிக்காமலே அனுப்பப்படும் பதில் அது. அதே வரியை மீண்டும் ஒட்டி, இதை நிரல் எழுதுபவரிடம் சேர்க்கும்படி கேளுங்கள். ஃபயர்பாக்ஸின் பட்டியலில் Report broken site என்பது தெரிந்தால் அதன் வழியாகவும் தெரிவியுங்கள்.

உங்கள் ஆவணம் காத்திருக்க முடியாதென்றால் இந்த ஒரு வேலையைக் குரோமில் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்நுழைவதிலிருந்தே அங்கு தொடங்குங்கள். ஃபயர்பாக்ஸில் பாதி நிரப்பிய படிவம், தளத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் ஒழிய, குரோமுக்கு வந்து சேராது.